இழுப்பும் முறுக்கும் பிரியும்: ஆலுவாவில் ஒரு கையேட்டுத் தமிழாக்கம்

ஆலுவாவிலுள்ள ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் எனப்படும் நூற்பு இயந்திரத்தின் கையேடு தமிழாக்கப்பட்டது. ஆங்கில மூலம் பிட்டர்களின் அறையில் இருந்தது. மலையாளச் சுருக்கம் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. இயந்திரத்தின் முன்னே எட்டு மணி நேரம் நிற்பவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கம்பம், பல்லடம், உடுமலை எனப் பல ஊர்க்காரர்கள். அவர்களுக்கு மலையாளம் பேச்சளவில் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தமிழ்க் கையேட்டுக்கான தேவை இப்படித்தான் எழுந்தது.

பணியை ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு தொடங்கினார். அகராதியின் வழியே போனால் டிராஃப்ட் என்பதற்கு 'இழுவை', டுவிஸ்ட் என்பதற்கு 'முறுக்கு', ரோவிங் என்பதற்குத் தெளிவான சொல் எதுவும் இல்லை. மூன்றாவதுதான் சிக்கல் தரும் என்று அவர் எதிர்பார்த்தார். சிக்கல் முதல் சொல்லிலேயே தொடங்கியது.

அச்சுக்குப் போவதற்கு முன் முதற்படி ஒன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டவர்கள் மூவர்: பல்லடத்துப் பிட்டர் ஒருவர், கம்பத்திலிருந்து வந்த பெண் சைடர் ஒருவர், உள்ளூர் மேஸ்திரி ஒருவர். (ரிங் பிரேமின் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவரைத் தென்னிந்திய ஆலைகளில் சைடர் என்றே அழைக்கிறார்கள்.) நூலின் நம்பரை மாற்றும் பகுதி வந்தது. "30ஆம் நம்பரிலிருந்து 40ஆம் நம்பருக்கு மாறும்போது இழுவையைக் கூட்டவும்" என்று வாசிக்கப்பட்டதும் பிட்டர் தலையசைத்தார். என்ன செய்வீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"டாப் ஆர்ம் பிரஷரை ஒரு பாயின்ட் ஏத்தி வைக்கணுங்க. நல்லா இழுக்கும்."

அவர் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. இழுவை என்றால் தமிழில் விசை. வண்டியின் இழுவை, மாட்டின் இழுவை, ஆற்றின் இழுவை எல்லாம் விசைதான். இழுவை போதவில்லை என்றால் பிடியை இறுக்க வேண்டும். ரிங் பிரேமில் பஞ்சைப் பிடித்திருப்பவை உருளைகள். அவற்றை மேலிருந்து அழுத்துவது டாப் ஆர்ம். அந்த அழுத்தத்தைக் கூட்டினால் ரப்பர் உறைகள் சீக்கிரம் தேயுமே தவிர, நூலின் நம்பர் மாறாது. இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், நூலும் வந்துகொண்டிருக்கும், நம்பர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

டிராஃப்ட் என்பது விசையன்று. அது ஒரு மடங்கு. பின்னுருளை ஓர் அங்குலம் பஞ்சைக் கொடுக்கும் நேரத்தில் முன்னுருளை முப்பது அங்குலம் வாங்கிக்கொண்டால் டிராஃப்ட் 30. உள்ளே போன பஞ்சு முப்பது மடங்கு நீண்டு, முப்பதில் ஒரு பங்காக மெலிந்து வெளியே வருகிறது. எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்ற கேள்வி இதில் எழுவதே இல்லை. எத்தனை மடங்கு மெலிகிறது என்பதே கணக்கு. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இழுத்தல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். ஆனால் லங்காஷயரில் தலைமுறை தலைமுறையாக ஆலைக்குள் புழங்கி, அது ஓர் எண்ணின் பெயராகிவிட்டது. தமிழ் இழுவைக்கு அந்த வாழ்க்கை வாய்க்கவில்லை.

நம்பர் கணக்கும் லங்காஷயரிலிருந்து வந்ததுதான். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ அது நூலின் நம்பர். நம்பர் கூடினால் நூல் மெலியும். கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து இயந்திரங்களை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது. இயந்திரம் பிறக்கும் இடம் மாறியது, சொற்கள் மாறவில்லை. சிம்ப்ளக்ஸ், ரோவிங், டாஃபிங், டிராவலர் என்று தமிழ்த் தொழிலாளி மூன்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார். அவை அவருடைய சொற்களாகவே ஆகிவிட்டன.

ஆகவே 'டிராஃப்ட்' என்ற சொல் அப்படியே நின்றது. முதன்முறை வரும் இடத்தில் மட்டும் "டிராஃப்ட், அதாவது பஞ்சு எத்தனை மடங்கு மெலிகிறது என்ற எண்" என்று எழுதப்பட்டது. 'கூட்டவும்' என்ற வினையும் மாறியது. "டிராஃப்டை 30இலிருந்து 40 ஆக்கவும்" என்று எண்ணுக்கு எண்ணாக எழுதியபோது, டாப் ஆர்முக்குக் கை போகும் வாய்ப்பு குறைந்தது.

ஆனால் அடுத்த வரியில் இன்னொரு குழி இருந்தது. பழைய இயந்திரங்களில் டிராஃப்டை மாற்றுவது ஒரு சிறிய பற்சக்கரம், சேஞ்ச் பினியன். அந்த ஆலையின் இயந்திரம் போன்ற அமைப்பில், ஒரு மாறா எண்ணைப் பினியனின் பற்களால் வகுத்தால் டிராஃப்ட் கிடைக்கும். கணக்குக்காக மாறா எண் 1,200 என்று வைத்துக்கொள்ளலாம். 40 பல் பினியன் போட்டால் டிராஃப்ட் 30. டிராஃப்ட் 40 வேண்டுமென்றால் 30 பல் பினியன் போட வேண்டும். டிராஃப்ட் கூட வேண்டுமானால் பல் குறைய வேண்டும். வேறு அமைப்புள்ள இயந்திரத்தில் இது தலைகீழாகவும் இருக்கலாம் என்பதால், மூலக் கையேட்டின் அட்டவணையே இறுதித் தீர்ப்பு.

'கூட்டு' என்று கேட்டவர் பெரிய பினியனை எடுத்து மாட்டினால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும் என்று நினைத்து 53 பல் சக்கரத்தைப் போட்டால், 1,200ஐ 53 ஆல் வகுக்க, டிராஃப்ட் ஏறத்தாழ 22.6. ரோவிங் ஒன்றாம் நம்பராக இருந்தால், 40 வர வேண்டிய இடத்தில் இருபத்திரண்டரை நம்பர் நூல் வரும். தடித்த நூல் என்பதால் அது எளிதில் அறுவதில்லை. இதுதான் இதிலுள்ள ஆபத்து. தவறு நடந்த இயந்திரம், சரியாக ஓடும் இயந்திரத்தைவிட அமைதியாக ஓடும். சைடருக்கு அன்று வேலை குறைவாக இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 120 கஜம் நூலைச் சுற்றியெடுத்து எடை போட வேண்டும். இதை ஆலையில் லீ என்பார்கள், ஒரு சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. 64.8ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும். 30ஆம் நம்பர் லீயின் எடை 2.16 கிராம், 40ஆம் நம்பருக்கு 1.62 கிராம். தவறான பினியன் போட்ட இயந்திரத்தின் லீ 2.86 கிராம் காட்டும். மூலக் கையேட்டில் இந்தச் சோதனை வேறோர் அத்தியாயத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்காக எழுதப்பட்டிருந்தது. தமிழ்ப் படியில் அது பினியன் மாற்றும் பக்கத்துக்கே கொண்டுவரப்பட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இந்த உரிமை உண்டா என்பது விவாதத்துக்குரியது. இருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

அடுத்தது 'பிரேக் டிராஃப்ட்'. உருளைகள் மூன்று இணைகளாக நிற்கின்றன. பின்னிணைக்கும் நடுவிணைக்கும் இடையே சிறிய டிராஃப்ட், நடுவிணைக்கும் முன்னிணைக்கும் இடையே பெரிய டிராஃப்ட். பின்னாலுள்ளது 1.2, முன்னாலுள்ளது 25 என்றால் மொத்தம் இரண்டின் பெருக்கம், 30. கூட்டல் அன்று. பின்னால் நடக்கும் அந்தச் சிறிய இழுப்பு, ரோவிங்கில் இருக்கும் இலேசான முறுக்கை நெகிழ்த்தி, முன்னால் நடக்கப்போகும் பெரிய இழுப்புக்கு இழைகளை ஆயத்தப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் பிரேக் டிராஃப்ட்.

'முறிவு இழுவை' என்ற முதற்படிச் சொல்லைக் கேட்டதும் சைடர் சிரித்துவிட்டார். "அறுந்து போச்சுன்னா அப்புறம் எங்க இழுக்கறது?" சரி, பிரேக் டிராஃப்ட் என்றே எழுதிவிடலாம் என்றால், தமிழ் எழுத்தில் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. உடைப்பதும் பிரேக், நிறுத்துவதும் பிரேக். ரிங் பிரேமில் ஒவ்வொரு கதிருக்கும் அடியில் ஒரு நிறுத்தி உண்டு. அறுந்த நூலை இணைக்கும்போது சைடர் அதை முழங்காலால் அழுத்திக் கதிரை நிறுத்துவார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அவர் தொடும் பிரேக் அதுதான். "பிரேக் டிராஃப்ட் 1.2" என்று தமிழில் படிப்பவருக்கு முழங்கால்தான் நினைவுக்கு வரும். ஆங்கில எழுத்தில் வேறுபட்டு நிற்கும் இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஒலிபெயர்ப்பு பாதுகாப்பானது என்ற பொதுநம்பிக்கை இந்த இடத்தில் செல்லாது.

வேலையைக் கொண்டு பெயரிடலாமே என்று மொழிபெயர்ப்பாளர் யோசித்தார். முறுக்கைப் பிரிக்கும் இழுப்பு, ஆகவே 'பிரிப்பு டிராஃப்ட்'. தமிழ்நாட்டில் அச்சாகும் கையேடாக இருந்திருந்தால் அதுவே நின்றிருக்கும். அதுவரை அமைதியாக இருந்த உள்ளூர் மேஸ்திரி அப்போதுதான் குறுக்கிட்டார். அங்கே முறுக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அவர் கேட்டார். இறங்குகிறது என்றார்கள். "பின்னே எந்தா பிரி எந்நு பறயுந்நது?" என்றார்.

அவர் காதில் விழுந்தது நேர் எதிரான பொருள். தமிழில் கயிற்றைப் பிரிப்பது என்றால் முறுக்கை அவிழ்ப்பது. மலையாளத்தில் கயிறு பிரிப்பது என்றால் நாரை முறுக்கிக் கயிறாக்குவது. ஆலப்புழைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலில் பெண்கள் செய்துவந்த வேலையின் பெயரே அதுதான். விலகிப் போவதற்கும் மலையாளத்தில் பிரியுகதான் என்றாலும், கயிறோ நூலோ கையில் இருக்கும்போது பிரி என்றால் முறுக்கு.

இந்தப் பிரி தமிழுக்கு அந்நியமானதன்று. தமிழர் வலம்புரிச் சங்கு என்பதை மலையாளிகள் வலம்பிரிச் சங்கு என்கிறார்கள். முறுக்கு என்னும் பொருளில் தமிழ் 'புரி' என்று வைத்துக்கொண்டதை மலையாளம் 'பிரி' என்று வைத்துக்கொண்டது. முப்புரி நூலில் வரும் புரியும் இதுவே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வைக்கோலை முறுக்கிச் செய்யும் கயிற்றை வைக்கோல் பிரி என்று சொல்வதும் உண்டு. ஆக, பெயர்ச்சொல்லாகத் தமிழிலும் பிரிக்கு முறுக்குப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வினையாகும்போதுதான் இரு மொழிகளும் எதிரெதிர்த் திசைகளில் கையைச் சுழற்றுகின்றன.

'முறுக்கு' என்பதன் நிலையும் இதுபோன்றதே. தமிழில் அது நூலின் முறுக்கு, கயிற்றின் முறுக்கு, மீசையின் முறுக்கு. மலையாளத்தில் முறுக்குக என்றால் முதலில் தோன்றும் பொருள் இறுக்குதல். மேஸ்திரிக்கு முறுக்க வேண்டியது நட்டும் போல்ட்டும். இரண்டையும் சேர்த்துப் பிரிமுறுக்கம் என்றால் மலையாளத்தில் இறுக்கநிலை, மன இறுக்கம் உட்பட. தமிழ்த் தொழிலாளிகளுக்கான கையேடுதானே, மலையாள மேஸ்திரியின் காதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். ஆலைக்குள் கையேட்டை யாரும் தனியாக உட்கார்ந்து படிப்பதில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் விளக்க, மூன்றாமவர் ஸ்பேனரைப் பிடிக்கிறார். ஆலுவாவில் அந்த மூவரில் ஒருவராவது மலையாளியாக இருப்பார். தமிழ் வாக்கியம் அவருடைய காதைக் கடந்துதான் இயந்திரத்தைச் சேர வேண்டும்.

எனவே பிரிப்பும் போயிற்று, முறிவும் போயிற்று. கடைசியில் தேர்ந்தது மிகச் சாதாரணமான பெயர்: 'பின் டிராஃப்ட்', 'முன் டிராஃப்ட்'. உருளைகளுக்கு இடையே எங்கே நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும் பெயர், விரலால் சுட்டிக் காட்டக்கூடியது. ஆங்கிலத்திலும் பின்மண்டல டிராஃப்ட் என்ற மாற்றுப்பெயர் இருப்பதால் அட்டவணையோடு பொருத்திப் பார்ப்பதில் குழப்பமில்லை. அழகான கலைச்சொல் ஒன்று கைநழுவிப் போனது உண்மைதான்.

டுவிஸ்ட்டுக்கு முறுக்கு என்ற சொல்லே நிலைத்தது. ஆனால் அது தனியாக வர அனுமதிக்கப்படவில்லை. எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'நூல் முறுக்கு' என்று எழுதப்பட்டது. அதே கையேட்டின் பராமரிப்புப் பகுதியில் போல்ட்டை எவ்வளவு விசையோடு திருப்ப வேண்டும் என்பதற்குப் பாடநூல் தமிழ் தரும் சொல் 'முறுக்கு விசை'. இரண்டையும் அப்படியே விட்டால் ஒரே புத்தகத்தில் முறுக்கு ஒரு பக்கத்தில் நூலுக்கும் மறுபக்கத்தில் போல்ட்டுக்கும் உரியதாகிவிடும். அதனால் போல்ட்டுக்கு 'இறுக்கும் அளவு' என்று வைத்து, நியூட்டன் மீட்டர் எண்ணை அருகிலேயே அச்சிட்டார்கள்.

முறுக்கைக் கூட்டுவது எப்படி என்பதும் விளக்க வேண்டியிருந்தது. ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்பது முறுக்கின் அளவு. நம்பரின் வர்க்கமூலத்தை, நூலின் பயனுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் அது கிடைக்கும். பாவு நூலுக்கு அந்த எண்ணை 4 என்று கொண்டால், 30ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 21.9 சுற்று, 40ஆம் நம்பருக்கு 25.3. முறுக்கைக் கூட்டவும் என்றதும் கதிரை வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. இயந்திரம் அப்படிச் செய்வதில்லை. கதிர் நிமிடத்துக்கு 16,000 சுற்றில் அப்படியே சுழல, முன்னுருளைதான் மெதுவாகிறது. நிமிடத்துக்கு 730 அங்குலம் நூல் கொடுத்த உருளை இனி 632 அங்குலமே கொடுக்கும். அதே கதிர், அதே எட்டு மணி நேரம், நூலின் நீளம் குறைவு. உற்பத்தி குறைந்ததற்குச் சைடர் காரணமல்லர் என்பதையும் இந்த வாக்கியம் சொல்லிவிடுகிறது. அதனால் இதைச் சுருக்காமல் எழுதச் சொன்னவர் சைடர்தான்.

இதை விட்டுவிட்டு டிராஃப்டை மட்டும் மாற்றினால், 40ஆம் நம்பர் நூல் 30ஆம் நம்பரின் முறுக்கோடு வெளிவரும். 4 இருக்க வேண்டிய எண் மூன்றரைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். நூல் மென்மையாக இருக்கும், பாவுக்குத் தேவையான வலு இருக்காது, அறுப்பு கூடும். இந்தத் தவறாவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ரோவிங். சிம்ப்ளக்ஸ் இயந்திரத்திலிருந்து பாபினில் சுற்றப்பட்டு வரும், விரல் தடிமன் இல்லாத, நூலாகவும் ஆகாத பஞ்சுக் கயிறு. ஒன்றாம் நம்பர் ரோவிங்கில் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சுற்று முறுக்குதான் இருக்கும். பாபினிலிருந்து அவிழும்போது அறாமல் இருக்க அது போதும். அதிகமானால் பின் டிராஃப்டில் நெகிழாமல் கட்டியாக முன்னே போகும், மெலியாத தடித்த துண்டுகள் நூலில் தங்கிவிடும். இப்படியொரு பொருளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் எண்ணியிருந்தார். சைடர் பாபினிலிருந்து கொஞ்சம் உருவி, விளக்குக்குப் போடுவதுபோல் விரலில் வைத்துக் காட்டினார். "இது திரிதானே?"

திரி. பஞ்சை இலேசாக முறுக்கி ஆக்கியது, கயிறு திரித்தல் என்னும் வினையோடு உறவுடையது, மலையாளத்திலும் அதே பொருளில் விளக்குத் திரி. இரு மொழிக்காரர்களும் ஒரே பொருளில் கேட்கும் சொல் அந்த அறையில் அது ஒன்றுதான். ஆனாலும் பாபினிலும் அட்டவணையிலும் பேச்சிலும் ரோவிங் என்றே இருப்பதால் பெயரை மாற்றவில்லை. முறுக்கைச் சோதிக்கும் பத்தியில் மட்டும் திரி வந்தது. அந்தப் பத்தியை மொழிபெயர்ப்பாளர் மூலத்திலிருந்து எடுக்கவில்லை. பிட்டரும் சைடரும் மாறி மாறிச் சொல்ல எழுதிக்கொண்டார்:

"ரோவிங்கை இரு கைகளாலும் பிடிக்கவும். கைகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். மெதுவாக இழுக்கவும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு விலகினால் சரி. திரி விறைத்துக்கொண்டு இழுபடாமல் நின்றால் முறுக்கு அதிகம். தொட்டதுமே விட்டுப்போனால் முறுக்கு குறைவு."

நான்கு விரல் எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். பஞ்சிழை ஒன்றின் நீளம் முப்பது மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கைகள் அதைவிட நெருக்கமாக இருந்தால் ஒரே இழையை இரண்டு கைகளும் பிடித்துக்கொள்ளும், நல்ல ரோவிங்கும் விறைப்பாகத் தோன்றும். உருளைகளுக்கு இடையேயான தூரம் இழையின் நீளத்தைவிடக் குறையக் கூடாது என்ற கையேட்டு விதிக்கும் காரணம் இதுதான் என்று பிட்டர் சொன்னார். அந்த விதி இரண்டு அத்தியாயங்கள் தள்ளி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அங்கே போய், "ரோவிங் சோதனையில் கைகளுக்கு விடும் இடைவெளியைப் போல" என்று ஒரு வரி சேர்த்தார்.

அச்சான பிரதியில் பினியன் பக்கம் மட்டும் தனித்தாளாக வெட்டப்பட்டு, லீ சுற்றும் கருவிக்கு மேலே ஒட்டப்பட்டது. 2.16, 1.62 என்ற இரண்டு எண்களும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கீழே பென்சிலால் மலையாளத்தில் யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள்: பல் குறஞ்ஞால் நூல் நேர்க்கும். பல் குறைந்தால் நூல் மெலியும்.